பல் தேய்ச்சியா?

காலை நடையில் எங்களோடு வரும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். "சார், காபிக்கு முன்னாடி பல் தேய்க்கணுமா, பின்னாடி தேய்க்கணுமா?" பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்த 5 பேரும் 5 விதமாகச் சொன்னோம். ஒருவர் குடித்த பிறகு தேய்த்தால்தான் கறை போகும் என்றார். இன்னொருவர் தேய்க்காமல் குடித்தால் காபி வயிற்றுக்குள் போய் விஷமாகும் என்றார். எனக்கு மட்டும் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஒரு பல்லைக் கொடுத்து வாங்கிய அனுபவம்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கே இடம் கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். விடியற்காலையில் அம்மா அடுப்படியில் பித்தளை ஃபில்டரின் தலையில் ஒரு தட்டு தட்டி டிகாக்‌ஷன் இறங்குகிறதா என்று பார்ப்பாள். அந்தச் சத்தத்துக்கே நாங்கள் எழுந்துவிடுவோம். டம்ளரை நோக்கிக் கை நீண்டால் முதலில் வருவது காபியல்ல, "பல் தேய்ச்சியா?" என்ற கேள்விதான். வாயைத் திறந்து ஊதிக் காட்டவேண்டும். கிணற்றடியில் ரோஸ் கலர் பல்பொடி, ஆட்காட்டி விரல், அவ்வளவுதான் சாதனம். பொடி தீர்ந்த நாட்களில் உமிக்கரி. அம்மாவுக்கு அது சுத்தம் பற்றிய விஷயம். எச்சில் வாயோடு எதையும் தொடக்கூடாது என்பதோடு சரி. எனாமல் என்ற வார்த்தையை அவள் பாத்திரக் கடையில்தான் கேட்டிருப்பாள்.

1975-ல் டெலிபோன் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் என் ஒழுக்கம் கெட்டது. இரவு ஷிப்டில் 5 மணிக்கு கேன்டீன் பையன் தூக்கில் காபி கொண்டுவருவான். கண் எரியும் அந்த நேரத்தில் பல் தேய்க்க எங்கே போவது? வாயைக்கூடக் கொப்பளிக்காமல் குடித்துவிடுவோம். வீட்டுக்கு வந்து, குளித்து, அப்புறம் பல் தேய்ப்பேன். ஷிப்ட் போன பிறகும் பழக்கம் போகவில்லை. கல்யாணமாகி வந்த என் மனைவி முதல் நாளே முகத்தைச் சுளித்தாள். "என்னங்க இது, ஊத்தை வாயோட காபியா?" என்றாள். நான் ஒரு நியாயம் வைத்திருந்தேன். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே குடித்தால் காபி காபியாகவே இருக்காது, கஷாயமாக இருக்கும். நல்ல டிகிரி காபியைக் கெடுத்துக்கொள்வானேன்?

இந்த நியாயத்தில் பாதி உண்மை இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. பேஸ்டில் நுரை வருவதற்காகச் சேர்க்கும் ஒரு சோப்புச் சரக்கு உண்டு. அது நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைக் கொஞ்ச நேரம் மந்தமாக்கி, கசப்பைத் தூக்கிக் காட்டுமாம். அதனால்தான் சர்க்கரை போட்ட காபியும் கசக்கிறது. நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா இருந்தால் சரியாகிவிடும். இதற்காக நான் 38 வருடம் என் மனைவியோடு வாதாடியிருக்கிறேன்.

2013-ல் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழாவில் மாலை போட்டு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழ்வரிசை முன்பற்களுக்கு இடையில் பழுப்புக் கோடுகள், மேல்வரிசையில் பழைய பேப்பர் மாதிரி ஒரு மஞ்சள். வெற்றிலை போட்டதில்லை, புகைத்ததில்லை. ஒரு நாளைக்கு 4 காபி, அது ஒன்றுதான் பழக்கம். அடுத்த வருடம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். சம்பந்தி வீட்டார் முன்னால் இந்தப் பல்லோடா நிற்பது என்று எனக்குள் ஒரு வெட்கம் வந்துவிட்டது.

ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. 'ஹார்ட்' என்று எழுதியிருந்த பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கினேன். காலையில் காபி குடித்த கையோடு, டம்ளரின் சூடு ஆறுவதற்கு முன்பே பேஸ்ட் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். கறை ஒட்டுவதற்குள் எடுத்துவிடவேண்டும் என்பது என் கணக்கு. மத்தியானக் காபிக்கும் அப்படியே. இடம் வலமாக, ரம்பத்தால் மரம் அறுக்கிற மாதிரி. வாரத்தில் இரண்டு நாள் உப்பும் சமையல் சோடாவும் கலந்து ஒரு தேய்ப்பு. பழுப்புக் கோடுகள் கொஞ்சம் குறைந்தன. உற்சாகமாகிவிட்டது. கல்யாண போட்டோவில் சுமாராகவே சிரித்திருக்கிறேன்.

ஆனால் மஞ்சள் போகவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் அதிகமாயிற்று. நானும் அதிகமாகத் தேய்த்தேன்.

2018 கோடைக்குப் பிறகு பானைத் தண்ணீர் குடித்தால் இடதுபக்க மேல்வரிசையில் சுரீர் என்றது. தேய்க்கும்போது பிரஷ் முடி பட்டாலே கூசியது. நகத்தால் தடவிப் பார்த்தேன். கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த இரண்டு பற்களிலும், ஈறுக்குச் சற்றுக் கீழே, கன்னத்துப் பக்கமாக ஒரு பள்ளம். நகம் போய் நின்றுகொண்டது. வயதாகிவிட்டது, ஈறு இறங்குகிறது என்று விட்டுவிட்டேன். 2019 தீபாவளிக்கு வந்த முறுக்கை அந்தப் பக்கம் கடித்தேன். வலி இல்லை, 'டக்'கென்று ஒரு சத்தம் மட்டும். உள்ளங்கையில் முறுக்குத் துண்டோடு பல்லின் தலையும் இருந்தது. கோரைப்பல்லுக்கு அடுத்தது. மரம் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம் கொத்திவிட்டுத் தள்ளுவார்களே, அந்த மாதிரி கழுத்தில் ஒடிந்திருந்தது.

பல் டாக்டர் என் பெண் வயதுப் பெண். கையில் கண்ணாடி கொடுத்து, கன்னத்தை விலக்கி, மிச்சமிருந்த இரண்டு பல்லின் பள்ளத்தையும் காட்டினார். "சார், நீங்க வலது கைப் பழக்கம்தானே?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வலது கைக்காரர்கள் அழுத்தித் தேய்க்கும்போது பிரஷ் அதிக பலத்தோடு விழுவது இடதுபக்கக் கோரைப்பல்லிலும் அதன் பக்கத்துப் பற்களிலும்தானாம். வாய் வளைவில் அவைதான் முன்னால் துருத்திக்கொண்டிருக்கின்றன. பள்ளத்தின் அமைப்பையும் காட்டினார். சொத்தையாக இருந்தால் கறுப்பாக, மெத்தென்று இருக்கும், கொக்கி வைத்தால் மாட்டும். இதுவோ ஆப்பு அடித்த மாதிரி 'வி' வடிவத்தில், கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. தேய்மானத்தின் அடையாளம் அதுதான்.

"என்னத்துக்கு சார் இவ்வளவு தேய்ச்சீங்க?" என்று கேட்டார். காபிக் கறை என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வகுப்பே எடுத்தார். அன்று நான்தான் கடைசி நோயாளி. அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

பல்லில் நாம் பார்க்கிற நிறம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று மேலே ஒட்டுகிற கறை. எச்சிலில் இருக்கும் புரதம் பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஏடு மாதிரி படிந்திருக்கும். தேய்த்து எடுத்தாலும் சில நிமிடத்தில் மறுபடி படியும். காபி, டீயில் இருக்கிற துவர்ப்புச் சரக்கு அந்த ஏட்டில்தான் சாயம் ஏற்றுகிறது, பல்லுக்குள் அல்ல. பல்லில் ஊத்தையும் பற்காரையும் இருந்தால் கொண்டாட்டம்தான். சொரசொரப்பான சுவரில் புகை பிடிப்பதுபோல அங்கே கறை அப்பிக்கொள்ளும். என் கீழ்ப்பற்களின் பழுப்புக் கோடுகள் அந்த வகை. கல்லாகிப்போன காரையின் மேல் ஏறிய காபி. அதை எந்த பிரஷ்ஷாலும் எடுக்கமுடியாது. டாக்டர் கருவி வைத்து அரை மணியில் எடுத்துவிடுவார்.

இரண்டாவது நிறம் உள்ளே இருந்து தெரிவது. எனாமல் என்பது பாதி கண்ணாடி மாதிரி, வெளிச்சம் ஊடுருவும். அதற்குக் கீழே இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயதாக ஆக எனாமல் தேய்ந்து மெலிகிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது. அதனால் மஞ்சள் தூக்கலாகத் தெரிகிறது. இது அழுக்கு இல்லை.

"நீங்க மஞ்சளைத் தேய்ச்சுப் போக்கறதா நினைச்சு, வெள்ளையைத் தேய்ச்சுப் போக்கியிருக்கீங்க" என்றார்.

ஆறு வருட உழைப்பு. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள், எலும்பைவிடக் கடினம். கடைவாய்ப் பல்லின் உச்சியில் 2 மில்லிமீட்டருக்கு மேலேகூட இருக்கும். ஆனால் ஈறை நெருங்க நெருங்க மெலிந்து, கழுத்தில் கத்தி விளிம்பாக முடிந்துவிடும். அதற்கு மேலே ஈறுக்குள் இருக்கும் வேருக்கு எனாமலே கிடையாது. ஈறு இறங்கினால் அந்த மென்மையான வேர்தான் வெளியே வரும். நான் ரம்பம் போட்டது சரியாக அங்கே. தோல் கீறினால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமலைக் கட்டிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. போனது போனதுதான்.

சரி, காபிக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்டேன். அங்கேதான் முன்னாடியா பின்னாடியா விஷயம் வந்தது.

அமிலத்தை அளக்க பி.எச். என்று ஒரு அளவு இருக்கிறது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 7 நடு நிலை, குறையக் குறைய புளிப்பு. எனாமல் சுமார் 5.5 வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் மேல்பரப்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். வேர்ப்பகுதி அவ்வளவுகூடத் தாங்காது. பால் விடாத காபி 5-ஐ ஒட்டி இருக்கும், எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி, பாட்டில் கோலா 3-க்கும் கீழே. அவற்றோடு பார்த்தால் காபி சாது. பால் ஏறக்குறைய நடுநிலை. நாம் குடிக்கிற பால் காபியில் பாதிக்கு மேல் பால்தான் என்பதால் அமிலம் இன்னும் குறைகிறது, பாலின் சுண்ணாம்புச் சத்தும் கூடவே வருகிறது.

"அப்போ காபி நிரபராதியா?" என்றேன்.

"காபி நிரபராதி. கூட வர்ற சர்க்கரை இல்லை" என்றார்.

ராத்திரி தூங்கும்போது எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடும். வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிற குழாயை மூடிவிட்ட மாதிரி. விடிவதற்குள் பல்லின் மேல் கிருமிகள் ஒரு பாயே விரித்திருக்கும். காலையில் நாக்கில் படுகிற பிசுபிசுப்பு அதுதான். அந்தப் பாயின் மேல் சர்க்கரைக் காபியை ஊற்றினால் கிருமிகள் சில நிமிடத்தில் அதை அமிலமாக்கிவிடும். அந்த அமிலம் காபியின் அமிலத்தைவிடக் கெட்டியானது, பல்லோடு ஒட்டிக்கொண்டே இருப்பது. எச்சில் மெல்ல மெல்ல அதை மட்டுப்படுத்தி, கரைந்த சுண்ணாம்புச் சத்தில் கொஞ்சத்தை மறுபடி பல்லில் பதிக்க அரை மணி, முக்கால் மணி ஆகும். அந்த அரை மணிக்குள் மேல்தோல் லேசாக இளகியிருக்கிறது. அப்போது போய் ஹார்ட் பிரஷ்ஷால் அறுத்தால் திரும்பிப் பதியவேண்டிய சத்தும் சேர்ந்து போகும்.

அவர் இதைச் சொன்னபோது எனக்கு அம்மா ஃபில்டர் துலக்குவது ஞாபகம் வந்தது. பித்தளை ஃபில்டரில் காபிக் கறை கன்னங்கரேல் என்று ஏறியிருக்கும். வெறும் சாம்பலுக்கு அசையாது. கொட்டைப் புளியைத் தடவி, சற்று ஊறவிட்டு, பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தால் தகதகவென்று வந்துவிடும். முதலில் புளிப்பு மேல்படலத்தை இளக்குகிறது, அப்புறம் சாம்பல் அரைத்து எடுக்கிறது. நான் என் பல்லுக்குச் செய்துகொண்டிருந்தது அதேதான். வித்தியாசம், பித்தளை தடிமனானது, கெட்டால் மாற்றி வேறு வாங்கலாம்.

ஆக அவர் சொன்ன முறை இது. எழுந்ததும் முதலில் பல் தேய்ப்பது. ராத்திரி விரித்த பாயைச் சுருட்டி எடுத்தாகிவிடும், சர்க்கரைக்குக் காத்திருக்கும் வாய்கள் குறைந்துவிடும், பேஸ்டில் உள்ள ஃப்ளோரைடு பல்லின் மேல் ஒரு காப்பாக நிற்கும். பிறகு காபி. குடித்து முடித்ததும் ஒரு வாய் சாதாரணத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பது. அவ்வளவுதான், பிரஷ் வேண்டாம். எனக்கு மாதிரி காபிக்குப் பின்னால்தான் தேய்ப்பேன் என்று அடம் பிடிப்பவர்கள் கொப்பளித்துவிட்டு அரை மணியாவது பொறுக்கவேண்டும். எது எப்படியானாலும் ராத்திரி படுக்கும் முன் தேய்ப்பது தப்பக்கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் செய்வேன் என்றால் ராத்திரியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அதுவரை ராத்திரி தேய்த்ததே இல்லை. 3 வேளை தேய்த்தும், தேய்க்கவேண்டிய வேளையை விட்டிருக்கிறேன்.

இதைக் கேட்டதும், அந்தக் காலத்திலேயே அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது பார் என்று எழுதத் தோன்றும். அப்படி இல்லை. அவளுக்கு வரிசை சரியாக அமைந்துவிட்டது, காரணம் வேறு. கையில் கொடுத்த உமிக்கரியோ ஹார்ட் பிரஷ்ஷுக்கு அண்ணன்.

ஒடிந்த பல்லின் வேரை எடுக்கவேண்டியதாயிற்று. மற்ற இரண்டு பள்ளத்தையும் பல் நிறத்திலேயே ஒரு சிமெண்டு வைத்து அடைத்தார். கூச்சம் அன்றே பாதி குறைந்தது. பற்காரையையும் எடுத்தார். அன்று சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் பழுப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. நான் 6 வருடம் போராடியது அரை மணியில் முடிந்துவிட்டது. மஞ்சள் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதிலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஈறு ஆறுவதற்காக, கொப்பளிக்க ஒரு மருந்து கொடுத்தார். குளோர்ஹெக்சிடின் என்று பாட்டிலில் போட்டிருந்தது. இரண்டு வாரம்தான், அதற்கு மேல் வேண்டாம் என்றும், கொப்பளித்த கையோடு காபி, டீ குடிக்கவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். நான் பாதி காதில் வாங்கினேன். காலையில் கொப்பளித்த உடனே காபி. பத்து நாளில், புதிதாகச் சுத்தம் செய்த பல்லெல்லாம் ஈறு ஓரத்தில் பழுப்பாகிவிட்டது. நாக்கும்கூட. அந்த மருந்து பல்லின் ஏட்டில் உட்கார்ந்துகொண்டு காபிச் சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணமுடையது. சாயத் தொழிலில் துணியில் நிறம் நிற்பதற்குக் கடுக்காய் போடுவார்களே, அந்த வேலை. மறுபடி போய் நின்றேன். டாக்டர் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டு, மருந்தை ராத்திரி எல்லாம் முடிந்தபின் கொப்பளிக்கச் சொன்னார். பேஸ்ட் போட்டுத் தேய்த்த உடனே கொப்பளித்தால் மருந்து வேலை செய்யாது, அரை மணி இடைவெளி விடவேண்டும் என்பதையும் அப்போதுதான் கவனித்துக் கேட்டேன்.

பால் காபியில் கறை குறைவு என்று அவர் சொன்னதை மட்டும் நான் சோதித்துப் பார்த்தேன். ஓய்வு பெற்றவனின் பொழுதுபோக்கு. பிடி உடைந்த வெள்ளைப் பீங்கான் கப் இரண்டு வீட்டில் இருந்தது. ஒன்றில் டிகாக்‌ஷனும் வெந்நீரும், இன்னொன்றில் அதே அளவு டிகாக்‌ஷனும் பாலும். காலையில் ஊற்றி மாலையில் கொட்டி, வெறும் தண்ணீரில் அலசி வைத்தேன். மூன்று நாள். வெந்நீர்க் கப்பில் அழுத்தமான பழுப்பு வளையம் விழுந்துவிட்டது. பால் கப்பில் வெளிறிய ஒரு கோடு, விரலால் தேய்த்தால் போய்விட்டது. பாலின் புரதம் துவர்ப்புச் சரக்கை முதலிலேயே கட்டிப்போட்டுவிடுகிறது, பல்லில் ஒட்டுவதற்கு மிச்சம் குறைவு. பீங்கானும் பல்லும் ஒன்றல்ல என்பது தெரியும். இருந்தாலும் மனைவி அந்த இரண்டு கப்பையும் ஜன்னலில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

இப்போது என் காலை இப்படி. ஐந்தரைக்கு எழுந்து 'சாஃப்ட்' பிரஷ்ஷில் பட்டாணி அளவு பேஸ்ட். பிரஷ்ஷை முஷ்டியில் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோலப் பிடிக்கச் சொன்னார். அப்படிப் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் அழுத்தம் வராது. ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம். பிரஷ் முடி ஒரு மாதத்திலேயே துடைப்பம் மாதிரி விரிந்தால் நான் பழையபடி அழுத்துகிறேன் என்று அர்த்தம். அதுதான் எனக்கு மீட்டர். தேய்த்து முடித்துத் துப்பிவிட்டு வாசல் தெளிப்பது, பேப்பர் எடுப்பது என்று 20 நிமிடம் ஓட்டுவேன். காபி கசப்பதில்லை.

4 காபி இரண்டாகிவிட்டது. ஆனால் எண்ணிக்கையைவிட இன்னொரு பழக்கத்தை விட்டதுதான் முக்கியம் என்கிறார் டாக்டர். ஆபீஸ் நாட்களில் ஃப்ளாஸ்க்கில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மடக்கு மடக்காகக் குடிப்பேன். ஒவ்வொரு மடக்கும் அரை மணிக் கணக்கைத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். எச்சிலுக்கு மூச்சு விட நேரமே கிடைக்காது. ஒரு டம்ளரைப் பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பது அதைவிட மேல். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற நம் வயதுக்காரர்களில் பலருக்கு வாய் வறட்சி வேறு இருக்கும். எச்சில் குறைந்தவர்களுக்கு இந்த மடக்குக் காபி இரட்டிப்புக் கெடுதல், அதுவும் ஈறு இறங்கி வேர் தெரிகிறவர்களுக்கு.

இவ்வளவையும் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. கேள்வி கேட்ட நண்பர் சர்க்கரை வியாதிக்காரர், பால் விடாமல் சர்க்கரை போடாமல் கறுப்பாகக் குடிப்பவர். "அப்போ எனக்குச் சொத்தை பயம் குறைவு, கறை பயம் அதிகம்னு சொல்றீங்க" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். கறைக்கு வருடம் ஒரு முறை டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், வீட்டில் போராடாதீர்கள் என்றேன். அவர் வாயைத் திறந்து இடதுபக்கக் கோரைப்பல்லை நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் நின்றது. ஒன்றும் பேசாமல் டாக்டரின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.